முட்டை வந்த பிறகும் மூடாத வாசல்

நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையை ஒட்டிய ஓர் ஊர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சின்னக் கொட்டகை, அதில் பதினாறு வெள்ளைக் கோழிகள். பண்ணைக்காரர் ஒருவரிடம் பதினைந்து வார வயதில் விடலைகளாக வாங்கி வந்தவை. இருபதாவது வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் தீவனம் வைக்கப் போன வீட்டுக்கார அம்மா, ஒரு கோழி மட்டும் மூலையில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். அதன் பின்புறத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குச் செக்கச் சிவந்த சதை ஒன்று பளபளவென்று தொங்கியது. இரண்டு கோழிகள் கழுத்தை நீட்டி அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தன.

“பெரியம்மா, கோழிக்குக் குடல் சரிஞ்சிருச்சு, வந்து பாருங்க” என்று பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார். பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, “அடி தள்ளியிருக்குது சாமி. மாட்டுக்கு வருமே, அதேதான்” என்றார். இரண்டு பேரும் சேர்ந்து கோழியைப் பிடித்துத் தனிக் கூடையில் போட்டுக் கவிழ்த்தார்கள். பிறகு கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தார்கள். சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்ட மருத்துவர், கோழியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “ஏனுங்கம்மா, கொட்டாயில ராத்திரி பல்பு எரியுதுங்களா?” என்றுதான் கேட்டார்.

எரிந்துகொண்டுதான் இருந்தது. மரநாய் வருகிறதென்று, கோழிகள் வந்த நாளிலிருந்து ஒரு நாளும் அணைக்கவில்லை.

பல்புக்கும் இந்தச் சதைக்கும் உள்ள உறவு விளங்க வேண்டுமானால், கோழி எப்படி முட்டையிடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெட்டைக்கோழிக்குக் கருவில் இரண்டு சினைப்பைகள் தோன்றினாலும், வளர்ந்து வேலைசெய்வது பொதுவாக இடப்பக்கத்துச் சினைப்பை மட்டும்தான். அதிலிருந்து கழன்று விழும் மஞ்சள் கரு, முட்டைக்குழாய் என்ற நீண்ட குழாய்க்குள் நுழைகிறது. முதல் நான்கைந்து மணி நேரத்தில் வெள்ளைக்கருவும் மெல்லிய சவ்வும் சேர்கின்றன. அடுத்த இருபது மணி நேரம் போல ஓடு சுரக்கும் பையில் தங்குகிறது. முழுதாக 25, 26 மணி நேரப் பயணம். முட்டை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளிப்போய்க் கடைசியில் ஒரு நாள் விட்டுப்போவது இதனால்தான்.

கடைசிக் கட்டம்தான் விசேஷமானது. கோழிக்கு எச்சம் போவதும் முட்டை வருவதும் ஒரே வாசல் வழியாகத்தான். அப்படியிருந்தும் முட்டை சுத்தமாக வந்து விழுகிறது. காரணம், முட்டை வெளிவரும்போது முட்டைக்குழாயின் அடிப்பகுதி, சட்டைக் கையை உள்ளிருந்து புரட்டுவதுபோலப் புரண்டு, முட்டையைப் போர்த்தியபடி வாசலுக்கு வெளியே வருகிறது. எச்சம் போகும் பாதையில் முட்டை படுவதில்லை. முட்டை விழுந்ததும் அந்தச் சதை சில நொடிகளில் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆரோக்கியமான கோழி முட்டையிடும்போது பின்னாலிருந்து கவனித்தால் இந்தச் சிவப்பைக் கண்ணாலேயே காணலாம்.

ஆக, அடி தள்ளுதல் என்பது இல்லாத ஒன்று புதிதாக நடப்பதல்ல. தினமும் வெளியே வந்து உள்ளே போகும் சதை, ஒரு நாள் உள்ளே போக மறுக்கிறது. வெளியே நின்ற சதை வீங்குகிறது. வீங்கியது அந்தச் சின்ன வாசலுக்குள் நுழைய முடியாமல் இன்னும் வீங்குகிறது, காற்றுப் பட்டுக் காய்கிறது. மற்றக் கோழிகள் அதைப் பார்த்துவிட்டால் கதை வேறு மாதிரி முடியும்.

முட்டை அடைப்பு இதற்கு அண்ணன் மாதிரி. அதில் முட்டை ஓட்டுப்பையிலோ அதற்குக் கீழேயோ சிக்கி நின்றுவிடுகிறது. கோழி முக்கி முக்கிப் பார்க்கிறது, முட்டை நகர்வதில்லை. அந்த முக்கலில் சதை தளர்ந்து வெளியே வந்துவிட்டால் இரண்டும் ஒன்றாக நேர்ந்துவிடும். அதனால்தான் அடி தள்ளிய கோழி எதுவானாலும், உள்ளே முட்டை நிற்கிறதா என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

இனி பல்பு. கோழியைப் பருவத்துக்குக் கொண்டுவருவது தீவனம் மட்டுமல்ல, வெளிச்சமும்தான். பகல் நீள்கிறது என்று மூளை உணர்ந்தால் சினைப்பை விழித்துக்கொள்ளும். நாமக்கல் பண்ணைகளில் வளரும் விடலைகளுக்குப் பெரும்பாலும் பகல் வெளிச்சம் மட்டும்தான். உடம்பு தேறிய பிறகே, பதினெட்டாவது வாரத்தை ஒட்டி, விளக்கு நேரத்தை வாரத்துக்கு அரை மணி என்று கூட்டி, கடைசியில் பகலும் விளக்குமாகச் சேர்த்து 16 மணி நேரத்தில் நிறுத்துவார்கள். இந்த வீட்டில் பதினைந்தாவது வாரத்திலேயே 24 மணி நேரமும் வெளிச்சம் கிடைத்துவிட்டது. பதினேழாவது வாரத்திலேயே முதல் முட்டை வந்தபோது வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அப்போது ஒரு கோழியைத் தூக்கித் தராசில் வைத்திருந்தால் அந்தச் சந்தோஷம் குறைந்திருக்கும். இந்த வெள்ளை லெகார்ன் வகைக் கோழி முட்டைக்கு வரும்போது 1.2 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லி நிறுத்துப் பார்த்ததில் பதினாறில் ஐந்து கோழிகள் இருபதாவது வாரத்திலும் ஒரு கிலோவைச் சுற்றியே நின்றன.

எடைக்கும் முட்டைக்கும் என்ன தொடர்பு? வாலுக்குக் கீழே, எச்சவாயின் இரு பக்கமும் கூராக இரண்டு எலும்புகள் கைக்குத் தட்டுப்படும். முட்டையிடாத கோழிக்கு அவற்றின் நடுவே ஒரு விரல் நுழைவதே கஷ்டம். நல்ல முட்டைக்கோழிக்கு இரண்டு, மூன்று விரல் தாராளமாக நுழையும். சந்தையில் கோழி வாங்கும் பெரியவர்கள் கவிழ்த்துப் பிடித்து விரல் வைத்துப் பார்ப்பது இதைத்தான். உடம்பு வளரும் முன்பே முட்டைக்கு வந்த விடலையில் இந்த இடைவெளி முழுதாக விரிந்திருக்காது, சுற்றியுள்ள தசையிலும் பலம் ஏறியிருக்காது. போதாததற்கு, புதிதாக முட்டைக்கு வந்த கோழிகளின் சினைப்பை இன்னும் ஒழுங்குக்கு வராததால் ஒரே நேரத்தில் இரண்டு கரு கழன்று இரட்டைக் கரு முட்டை வருவதும் சகஜம். சின்ன வாசலில் பெரிய முட்டை. சதை கிழிகிறது, வீங்குகிறது, திரும்பப் போக மறுக்கிறது.

அந்த வீட்டில் இதற்கு ஒரு வார முன்னறிவிப்பே கிடைத்திருந்தது. மூன்று முட்டைகளின் ஓட்டில் மெல்லிய ரத்தக் கோடு இருந்தது. “புதுசா முட்டை வெக்கிற கோழி, அப்படித்தான் இருக்கும்” என்று துடைத்து வைத்துவிட்டார்கள். முதல் ஒன்றிரண்டு முட்டையில் லேசாக ரத்தக் கோடு இருப்பது பெரிய விஷயமில்லை. ஒரு வாரமாகத் தொடர்ந்து தெரிந்தால், கொட்டகையில் ஏதோ ஒரு கோழியின் வாசல் ஒவ்வொரு நாளும் கிழிகிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்திருந்தால் கூடைக்கு வேலை வந்திருக்காது.

வெளிச்சம் ஒரு பக்கம் என்றால், மறுபக்கம் சுண்ணாம்புச் சத்து. ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. நல்ல முட்டைக்கோழித் தீவனத்தில் நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு பங்கு கால்சியம் இருக்கும். கோழி நாளைக்கு 110 கிராம் தின்றால் 4 கிராமுக்குக் கொஞ்சம் கூடக் குறைய உள்ளே போகிறது. அதில் பாதிதான் உடம்பில் ஒட்டும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வந்து நிற்கிறது. மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. இதே கோழிக்குக் கம்பும் பழைய சோறும் போட்டால்? நூறு கிராம் கம்பில் இருக்கும் கால்சியம் ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்குகூட வராது. சத்துக்குப் பேர்போன கேழ்வரகிலேயே மூன்றில் ஒரு கிராம்தான். நாட்டுக்கோழி அதில் பிழைத்துக்கொள்கிறது, ஏனென்றால் அது பத்துப் பதினைந்து முட்டை வைத்துவிட்டு அடைக்குப் படுத்துவிடும். அந்த ஓய்வில் உடம்பு தேறும். ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் வைக்கும்படி உருவாக்கப்பட்ட வெள்ளைக் கோழிக்கு அந்த ஓய்வு கிடையாது.

கால்சியம் ஓட்டுக்கு மட்டும் வேண்டியதல்ல. முட்டையை வெளியே தள்ளும் தசை சுருங்கவும் அதே கால்சியம்தான் வேண்டும். ஓட்டுக்கே போதாதபோது கோழி தன் எலும்பிலிருந்து கரைத்துக் கொடுக்கும். அதுவும் குறைந்தால் தோல் முட்டை வரும். இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். மெத்தென்ற தோல் முட்டை சுலபமாக வந்துவிடும் என்று தோன்றும். உண்மையில் அடைப்புக்கு அதுவே பெரிய காரணம். தசை பிடித்துத் தள்ளக் கெட்டியான ஒன்று வேண்டும். தண்ணீர் ஊற்றிய பலூனைக் கையால் அழுத்தித் தள்ளிப் பார்த்தால் புரியும். சித்திரை வெயிலில் கோழி தீவனத்தைக் குறைக்கும், வாயைத் திறந்து இளைக்கும். இரண்டும் சேர்ந்து ஓட்டை மெல்லிசாக்கும்.

அடைபட்ட கோழியைப் பார்த்ததும் அடையாளம் தெரியும் என்று சொல்ல முடியாது. வாலைத் தாழ்த்தி, முன்னுடம்பைத் தூக்கி, பென்குவின் பறவை போல நிமிர்ந்து நிற்கும். வால் மேலும் கீழும் பம்ப்பு அடிப்பதுபோல அசையும். முட்டை வைக்கும் இடத்துக்குப் போகும், வரும், மறுபடி போகும். தீனி எடுக்காது. எச்சம் வராது, வந்தாலும் கொஞ்சம் வெள்ளைத் தண்ணீர்தான். அடைக்குப் படுத்த கோழியும் கூட்டைவிட்டு நகராதே என்று சந்தேகம் வரலாம். அடைக்கோழி கிட்டே போனால் சிலிர்த்துக் கொத்த வரும், கொண்டையில் உயிர் இருக்கும். அடைபட்ட கோழிக்கு எதிர்க்கும் தெம்பே இருக்காது. சந்தேகம் தீர ஒரு வழி, கோழியை இடுப்பில் அணைத்துப் பிடித்து, அந்த இரண்டு எலும்புகளுக்கும் கீழே வயிற்றில் விரல்களை மெதுவாக வைத்துப் பார்ப்பது. உருண்டையாக, கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டால் முட்டை. வயிறு முழுதும் தண்ணீர்ப் பை மாதிரித் தளும்பினால் அது வேறு நோய், மஞ்சள் கரு வழிதவறி வயிற்றுக்குள் விழுந்து சீழ் பிடித்ததாக இருக்கலாம். அதற்கு வெந்நீர் வைத்தியம் பலிக்காது.

வெந்நீர் என்று சொல்வது உண்மையில் வெதுவெதுப்பான நீரைத்தான். கோழியின் உடம்புச் சூடே 41 டிகிரியை ஒட்டி இருப்பதால் 38 முதல் 40 டிகிரி நீர் அதற்கு இதமானது. வெப்பமானி இல்லாத வீட்டில், குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு என்றால் எல்லாருக்கும் கை சொல்லும். அகலமான பாத்திரத்தில் வயிறும் எச்சவாயும் முங்கும் அளவு ஊற்றி, கோழியைப் பிடித்து நிறுத்தி, 15 முதல் 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும். தண்ணீர் ஆறினால் சூட்டைக் கூட்ட வேண்டும். வெளியே எடுத்ததும் துண்டால் நன்றாக ஈரம் ஒற்ற வேண்டும். ஈரத்தோடு ஃபேனுக்குக் கீழே விட்டால் செய்தது வீண். கையுறை போட்ட விரலில் கெட்டி பாரஃபின் திரவமோ, மருந்துக்கடையில் கிடைக்கும் வழுவழுப்பு ஜெல்லோ தடவி, எச்சவாயின் உள் விளிம்பில் மெதுவாகப் பூசலாம். பிறகு துணி விரித்த அட்டைப்பெட்டியில் விட்டு, இருட்டாக மூடி, ஒரு பக்கம் காற்றுக்கு வழி வைத்து, ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது மனிதருக்கு ஆறுதல், கோழிக்கு இம்சை.

இதோடு சேர்த்துக் கால்சியம் கொடுப்பது நியாயமான முதலுதவி. கோழி தலை தூக்கி விழுங்கும் நிலையில் இருந்தால், மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொண்டு, கால்நடை மருந்துக்கடையில் கிடைக்கும் திரவக் கால்சியத்தை அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடலாம். தலை தொங்கும் கோழிக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக் குழாயில் போய்விடும். விளக்கெண்ணெய் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அது குடலுக்குள் போகும் எண்ணெய். முட்டைக்குழாய் வேறு குழாய். வயிற்றுப்போக்கு வந்து கோழி இன்னும் முக்கத்தான் வழியாகும்.

கூடாத காரியங்களில் முதலாவது வயிற்றை அழுத்தி முட்டையைப் பிதுக்குவது. உள்ளே முட்டை உடைந்தால் ஓட்டுத் துண்டு கத்திபோலக் கிழிக்கும், கிழிந்த இடத்தில் சீழ் பிடிக்கும். இரண்டாவது, மாட்டுக்கு வைத்திருக்கும் ஆக்ஸிடோசின் ஊசியைத் தூக்கிக்கொண்டு வருவது. பறவையின் உடம்பில் முட்டையைத் தள்ளும் ஹார்மோன் அதே அல்ல, அதன் உறவுக்காரர்தான். வாசல் இளகாமல் பையை மட்டும் சுருங்க வைத்தால் பை கிழிந்துவிடும். எப்போது போடலாம், எப்போது கூடாது என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

இரண்டு முறை வெந்நீர் வைத்தும் முட்டை வரவில்லை என்றாலோ, கோழி கண்ணை மூடிச் சாய ஆரம்பித்தாலோ காத்திருக்க நேரமில்லை. சிக்கிய முட்டை நரம்பையும் ரத்தக் குழாயையும் சிறுநீர் வரும் பாதையையும் நசுக்குகிறது. ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். மருத்துவர் கால்சியம் ஊசி போடுவார். முட்டையின் முனை கண்ணுக்குத் தெரிந்தால் ஊசியால் துளையிட்டு உள்ளிருப்பதை உறிஞ்சி எடுத்து, ஓட்டைப் பக்குவமாக ஒடுக்கி வெளியே எடுப்பார். பார்க்க எளிதாகத் தெரியும் இந்த வேலையை வீட்டில் செய்யக் கூடாது.

கூடையில் இருந்த கோழிக்கு வருவோம். மருத்துவர் போனில் சொல்லச் சொல்ல அந்த அம்மா செய்தார். முதலில் வயிற்றில் விரல் வைத்துப் பார்த்தார். முட்டை இல்லை. மத்தியானமே இரட்டைக் கரு முட்டையாகப் போட்டுவிட்டிருந்தது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு கரைத்தார். கிட்டத்தட்ட 9 கிராம், உடம்பு நீரின் உப்பு அளவுக்குச் சமம். வெதுவெதுவென்று இருக்கும்போது சதையின் மேல் ஊற்றி ஒட்டியிருந்த உமியையும் எச்சத்தையும் கழுவினார். தேய்க்கவில்லை, துணியால் ஒற்றவும் இல்லை. கழுவியதும் நிறம் நன்றாகத் தெரிந்தது. ஈரமான சிவப்பு. கறுப்போ நீலமோ இல்லை, கிழிசல் இல்லை. பிழைக்க வாய்ப்புள்ள சதை.

“இப்ப சர்க்கரை எடுங்கம்மா.”

“நாட்டுச் சர்க்கரையா, வெள்ளையா டாக்டர்?”

“வெள்ளைதான். நைசா பொடி பண்ணித் தாராளமாத் தூவுங்க.”

ஊறுகாய்க்கு உப்புப் போட்டால் மாங்காய் தண்ணீர் விடுகிறதே, அதே வேலைதான். சர்க்கரை, வீங்கிய சதையிலிருந்து நீரை இழுத்து வெளியே விடுகிறது. பத்து, பதினைந்து நிமிடத்தில் எலுமிச்சை அளவு சதை பெரிய நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கியது. மறுபடி உப்பு நீரில் சர்க்கரையைக் கழுவிவிட்டு, கையுறையில் ஜெல் தடவி, பெரியம்மா கோழியைத் தலைகீழாகச் சற்றுச் சாய்த்துப் பிடிக்க, நடுவில் இருந்த துளையைச் சுற்றி மெதுவாக உள்ளே தள்ளினார். சட்டைக் கையை மறுபடி உள்ளே திருப்புவதுபோல, நடுவிலிருந்துதான் போக வேண்டும். ஓரத்தைத் திணித்தால் வெளியே பிதுங்கும். உள்ளே போனதும் விரலை எடுக்காமல் இரண்டு மூன்று நிமிடம் வாசலைப் பொத்திப் பிடித்திருந்தார். விட்டார். கோழி ஒருமுறை முக்கியது, சதை பாதி வெளியே வந்தது. மறுபடி செய்தார். மூன்றாவது முறை நின்றது.

மஞ்சள் தூள் அப்பலாமா என்று பெரியம்மா கேட்டார். காய்ந்த தூள் ஈரச் சதையில் ஒட்டி அதை உலர்த்திவிடும், உள்ளே தள்ளும்போது உராயும். வேண்டாம் என்றார் மருத்துவர். மரத்துப்போகச் செய்யும் மூல நோய்க் களிம்பும் பறவைகளுக்கு நல்லதல்ல.

இத்தோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் மறுநாள் ஏமாறுகிறார்கள். அடுத்த முட்டை ஏற்கெனவே வழியில் இருக்கிறது. 25 மணி நேரம் கழித்து அது அதே புண்பட்ட வாசலுக்கு வரும், கோழி முக்கும், சதை மறுபடி வெளியே வரும். அதனால் முதலுதவியின் இரண்டாம் பாதி, முட்டையை நிறுத்துவது. அதற்கு மருந்து இருட்டு. கூடையைத் தனி அறையில் வைத்து, நாளுக்கு எட்டு மணி நேரம் மட்டும் மங்கலான வெளிச்சம், மற்ற நேரம் முழு இருட்டு. ஏற்கெனவே பழுத்துவிட்ட கருக்கள் சில நாட்கள் வந்துகொண்டிருக்கும். பிறகு படிப்படியாக நிற்கும். ஒரு வாரம் இரண்டு வாரம் ஆகலாம். அதுவரை தண்ணீர் தாராளமாக வேண்டும், தீவனம் அளவாகப் போதும். எச்சம் இறுகினால் முக்கல் வரும் என்பதால் கொஞ்சம் கீரை போட்டார்கள். அடுத்த முட்டை மறுநாள் சாயங்காலம் வந்தது. சதை வெளியே வந்தது, மறுபடி கழுவித் தள்ளினார்கள். அதற்கடுத்த முட்டை இரண்டு நாள் கழித்து வந்தது. சதை எட்டிப் பார்த்துத் தானாக உள்ளே போய்விட்டது. தள்ளிய சதை நிற்கவே மாட்டேன் என்றால், எச்சம் போக வழி விட்டு வாசலைச் சுற்றிச் சுருக்குத் தையல் போடுவது மருத்துவர் செய்யும் அடுத்த காரியம்.

நான்காம் நாள் காலையில் கொட்டகையில் இன்னொரு கோழி. இதை யாரும் சாயங்காலமே பார்க்கவில்லை. விளக்கெரிந்த இரவில் மற்றவை பார்த்துவிட்டன. கோழிக்குச் சிவப்பைக் கண்டால் கொத்தத் தோன்றும். ஒருமுறை ரத்தச் சுவை கண்டுவிட்டால் கூட்டமே சேர்ந்துகொள்ளும். சதை பிய்ந்து, அதன் வழியே குடலின் ஒரு கண்ணி வெளியே வந்திருந்தது. கோழி உயிரோடு நின்றுகொண்டுதான் இருந்தது. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

இங்கே சர்க்கரையும் இல்லை, தையலும் இல்லை. குடல் வெளியே வந்துவிட்ட கோழியை மேலும் வைத்திருப்பது அதற்குச் செய்யும் கொடுமை. தெரிந்த ஒருவர் கழுத்தெலும்பை ஒரே இழுப்பில் விலக்கினால் நொடியில் முடிந்துவிடும். தெரியாதவர் முயன்றால் அது இன்னொரு கொடுமை. அந்த வீட்டில் கோழிக்கடைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுச் செய்தார்கள். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். நோய்ப்பட்டு அழுகத் தொடங்கிய கோழியைக் குழம்புக்கு எடுப்பதில்லை. மருந்து போட்ட கோழியானால், அந்த மருந்துக்கு மருத்துவர் சொல்லும் நாட்கணக்கு முடியும்வரை அதன் முட்டையும் ஆகாது, கறியும் ஆகாது.

எப்போது கழிப்பது என்பதுதான் வீட்டில் கோழி வளர்ப்பவர்களுக்குக் கஷ்டமான கேள்வி. குடல் தெரிந்தால் கேள்வியே இல்லை. சதை கறுத்தோ, தோல்போலக் காய்ந்தோ, நாற்றம் வந்தோ இருந்தால் அது செத்த சதை, உள்ளே தள்ளினால் விஷமாகும். சிவப்பாக இருந்தாலும், இரண்டு மூன்று நாள் விடாமல் தள்ளியும் ஒவ்வொரு முட்டைக்கும் முழுதாக வெளியே வந்தால், அந்தத் தசைக்குப் பிடிமானம் போய்விட்டது. கோழி தின்று குடித்து நடமாடுகிறதா என்பதும் கணக்கு. தலையைத் தொங்கப்போட்டு, கொண்டை வெளுத்து, தண்ணீர்கூட எடுக்காத கோழிக்கு இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்பது நம் மனசுக்காகச் சொல்வது. முட்டை அடைப்பிலும் இதே கணக்குதான். ஒருமுறை அடைபட்டு, கால்சியம் கொடுத்துச் சரியான கோழியை வைத்துக்கொள்ளலாம். மாதத்துக்கு ஒருமுறை அடைபடும் கோழியின் குழாயில் நிரந்தரமான பழுது இருக்கிறது. பிழைத்த கோழியானாலும் அதன் முட்டையைக் குஞ்சு பொரிக்க வைக்காமல் இருப்பது நல்லது.

ஆயிரக்கணக்கில் கோழி வைத்திருக்கும் பண்ணைகளில் இந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. கூண்டில் அடி தள்ளிய கோழியைக் கண்டதும் எடுத்துவிடுவார்கள், கழிவுக் கணக்கில் சேர்ந்துவிடும். அங்கே கேள்வி அந்த ஒரு கோழியைப் பற்றியதல்ல, எண்ணிக்கையைப் பற்றியது. முட்டை உச்சத்துக்கு ஏறும் வாரங்களில் அடி தள்ளிய கோழிகள் தினமும் வந்துகொண்டிருந்தால், பண்ணைக்காரர் விளக்கு அட்டவணையையும் விடலைகளின் எடைப் புத்தகத்தையும் எடுத்துப் பார்ப்பார். சில கோழி 1.3 கிலோவும் சில கோழி ஒரு கிலோவுமாக ஏறுமாறாக இருந்த கூட்டத்துக்கு ஒரே நாளில் விளக்கு நேரத்தைக் கூட்டியிருந்தால், குற்றவாளி கிடைத்துவிட்டார். எல்லாக் கோழிக்கும் ஒரே விளக்குதான், மெலிந்த கோழிக்குத் தனியாக அணைக்க முடியாது.

எடை குறைந்தால் மட்டும்தான் என்றும் இல்லை. கிராமப்பிரியா, வனராஜா போன்ற புறக்கடை இனங்களைச் சோறும் தவிடும் போட்டுக் கொழுக்க வைத்த வீடுகளிலும் இது வரும். வயிற்றுக் கொழுப்பு முட்டைக்குழாயைச் சுற்றிப் படிந்து வழியைக் குறுக்கும், தசை தளரும். அங்கே மருந்து தீவனத் தட்டைச் சின்னதாக்குவது.

அந்த வீட்டில் அன்றிரவே பல்பை அணைத்துவிட்டார்கள். மரநாய்க்காக வலைக் கதவு போட்டு அடியில் கல் வைத்தார்கள். ஒரேயடியாக 24 மணியிலிருந்து பகல் வெளிச்சத்துக்கு இறங்கியதில் பல கோழிகள் முட்டையை நிறுத்தின. ஒரு மாத வருமானம் போனது. மருத்துவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, “நிக்கட்டும்மா, உடம்பு தேறட்டும்” என்றார். தீவனத்தோடு, சாயங்காலத்தில் தனித் தட்டில் கிளிஞ்சல் நொறுங்கு வைத்தார்கள். மாவாக அரைத்ததல்ல, அரிசிக் குருணையைவிடப் பெரிதான துண்டுகள். ஓடு சுரப்பது பெரும்பாலும் ராத்திரியில். பெரிய துண்டு இரைப்பையில் மெல்லக் கரைந்து இரவெல்லாம் கால்சியம் கொடுக்கும். தேவைப்பட்ட கோழி தின்றது, தேவைப்படாதது தொடவில்லை. முட்டைக்கு வராத விடலைக்கு இதைக் கட்டாயப்படுத்தித் தீவனத்தில் கலந்தால் சிறுநீரகம் கெடும் என்பதால்தான் தனித் தட்டு.

ஐந்து வாரம் கழித்து, கோழிகளின் எடை 1.3 கிலோவைத் தாண்டிய பிறகு, விளக்கை மறுபடி போட்டார்கள். இந்த முறை விடியற்காலை அரை மணி நேரம் மட்டும், நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய டைமரில். கூடையில் இருந்த கோழி கூட்டத்தோடு சேர்ந்துவிட்டது. கால் விரலில் சிவப்பு நூல் கட்டினால் மற்றவை கொத்தும் என்று பச்சை நூல் கட்டி விட்டிருக்கிறார்கள். அது கூட்டுக்குள் போகும்போதெல்லாம் பெரியம்மா மட்டும் வந்து பின்னால் குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறார்.